மேசையில் கிடந்த புத்தகம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மதுரையில் நான் படித்த பள்ளியின் நூலகர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். 33 வருட சர்வீஸ். பழைய மாணவர்கள் சார்பில் ஐந்து நிமிடம் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவள், மேடைப் பழக்கம் கிடையாது. எழுத உட்கார்ந்தால் ‘அறிவுக்கண் திறந்தவர்’, ‘ஏணி’ என்றுதான் வருகிறது. சொல்வதற்குச் சம்பவமே இல்லை. லைப்ரரி சார் அதிகம் பேச மாட்டார். ‘இதைப் படி’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் மேசையில் கிடப்பதை நானாகத்தான் எடுப்பேன், கையெழுத்துப் போடுவேன், போய்விடுவேன். ஏழு வருடம் அப்படி எடுத்ததில்தான் எனக்கு வாசிப்புப் பழக்கமே வந்தது.

இன்னொன்று. பிளஸ் டூ முடித்தபோது திருப்பித் தராத ஒரு புத்தகம் 21 வருடமாக என்னிடமே இருக்கிறது. அதை மேடையில் எல்லார் முன்னாலும் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை

*

அன்புள்ள தங்கைக்கு,

அந்தப் புத்தகத்தை எடுத்து, பின்னட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள். நீங்கள் தேடுகிற சம்பவம் அதில்தான் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கட்டம் போட்டு, ஊதா மையில் தேதி முத்திரைகள் வரிசையாகக் குத்தியிருக்கும். நாங்கள் அதை ‘டேட் ஸ்லிப்’ என்போம். (‘நாங்கள்’ என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. எழுத்து சோறு போடாத காலத்தில் 11 வருடம் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளனாக இருந்தேன்.) அதில் கடைசி முத்திரை உங்களுடையது. அதற்கு முந்தின முத்திரையைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு காலம்?

இரண்டு மூன்று வாரம் என்றால், உங்களுக்கு முன்னால் வேறொரு பிள்ளை அதைப் படித்துத் திருப்பித் தந்திருக்கிறது, மேசையில் கிடந்தது, நீங்கள் எடுத்தீர்கள். நாலைந்து வருடம் என்றால் கதை வேறு. நாலைந்து வருடமாக யார் கையும் படாத புத்தகம் தானாக அலமாரியிலிருந்து இறங்கி மேசைக்கு நடந்து வராது. உங்கள் சார் எழுந்துபோய் எடுத்து வந்து, திரும்பி வந்த புத்தகங்களின் நடுவே செருகி வைத்திருக்கிறார்.

நூலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். பிள்ளைகளைப் புத்தக அலமாரிக்கு முன்னால் நிறுத்தினால் திணறிப்போவார்கள். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் புத்தகத்தின் முதுகு. கழுத்தைச் சாய்த்து ஒவ்வொரு பெயராகப் படிக்க வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இருப்பதிலேயே ஒல்லியானதை உருவிக்கொண்டு வருவார்கள். ஆனால் திருப்பித் தந்த புத்தகங்கள் மேசையில் குவிந்து கிடந்தால் எல்லாக் கையும் அங்குட்டுத்தான் போகும். அட்டைப்படம் மேலே தெரிகிறது. மொத்தமே பத்துப் பன்னிரண்டுதான். எல்லாவற்றையும்விட, யாரோ ஒரு பிள்ளை இப்போதுதான் படித்து முடித்திருக்கிறது என்ற நம்பிக்கை. பெரியவர் சிபாரிசைவிட அதுக்கு அந்த வயதில் மதிப்பு அதிகம். இது தெரிந்த நூலகர், யாருக்காவது எட்ட வேண்டும் என்று தான் நினைக்கிற இரண்டு மூன்று புத்தகங்களை அந்தக் குவியலில் கலந்துவிடுவார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு, வெறும் கணக்கு. நூலகப் பாடவேளை 40 நிமிடம். வகுப்பில் 48 பேர் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. அதற்குள் பழைய புத்தகத்தை வாங்கி, பதிவேட்டில் அடித்து, புதியதை எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். இதில் ஒவ்வொருவரிடமும் ‘உனக்கு என்ன பிடிக்கும்மா?’ என்று கேட்க எங்கே நேரம்? அவர் பேசாததை அந்த மேசை பேசிக்கொண்டிருந்தது. இன்றைக்கு யார் வகுப்பு என்று பார்த்து, காலையில் பத்து நிமிடம் அந்த மேசையை அடுக்கியிருப்பார். உங்கள் வகுப்பு வரும் நாளில் உங்களுக்காக ஒன்று.

‘இதைப் படி’ என்று அவர் சொல்லாமல் இருந்தது கூச்சத்தால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பெரியவர் ஒருவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் அது வீட்டுப்பாடம். பிடிக்காவிட்டால் திருப்பித் தரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ‘எப்படி இருந்தது?’ என்ற கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டும். நீங்களாக எடுத்ததாக நினைத்துக்கொண்ட புத்தகத்தை மறுநாளே தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுக்கலாம். யாருக்கும் மனவருத்தம் இல்லை. அவருக்கு மட்டும், சரி, இது இல்லை, அடுத்த வாரம் வேறு வைப்போம் என்று தெரிந்துவிடும். நீங்கள் எதை ஒரே நாளில் திருப்பினீர்கள், எதைத் தவணை தாண்டியும் வைத்துக்கொண்டீர்கள் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும் பதிவேட்டிலேயே எழுதியிருக்கிறது.

எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன். திருமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாவது படிக்கும்போது கடற்பயணங்கள் பற்றிய ஒரு புத்தகம் இப்படித்தான் மேசையில் கிடைத்தது. நானே கண்டுபிடித்த புதையல் என்று பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஓவிய ஆசிரியர்தான் அங்கே நூலகப் பொறுப்பு. அவரும் பேசாதவர். பிற்பாடு பள்ளியில் பழைய புத்தகங்களைக் கழிவு என்று எடைக்குப் போட்டார்கள். பழைய பேப்பர் கடையில் அந்தக் கட்டைப் பார்த்து ஒரு பையளவு வாங்கிவந்தேன். என் கடற்பயணமும் அதில் இருந்தது. டேட் ஸ்லிப்பில் என் முத்திரை 1978. அதற்கு முந்தினது 1971. ஏழு வருடம் பீரோவில் தூங்கிய புத்தகம். அதற்குள் நானும் நூலகத்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யத் தொடங்கியிருந்ததால், பார்த்தவுடன் புரிந்துவிட்டது. அவரிடம் போய்க் கேட்க அவர் இல்லை.

சீட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டம் நிரம்பினால் புதுத் தாள் ஒட்டுவார்கள். உங்கள் முத்திரையே முதல் முத்திரையாக இருந்தால், ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அடியில் பழைய தாள் தெரியும். சில பள்ளிகளில் எடுத்த தேதியைக் குத்துவார்கள், சில இடங்களில் திருப்ப வேண்டிய தேதியை. இரண்டு வார வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போனவர்களுக்கு முத்திரையே இருக்காது. ஆனால் வருடக்கணக்கில் இடைவெளி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. புத்தகத்தின் பக்கம் நின்றுகொண்டு யோசித்த விதி அது. வாசகர் தேடி வருவார் என்று காத்திருக்காமல், இந்தப் புத்தகத்துக்கு இந்த ஊரில் எங்கோ ஒருவர் இருக்கிறார், அவரைப் பிடி என்கிறது. அந்த விதியைப் பேசும்போதுதான் திறந்த அலமாரியை அவர் வலியுறுத்துகிறார். உங்கள் சார் ரங்கநாதனைப் பரீட்சைக்குப் படித்திருப்பார். அந்த மேசை அவராக எழுதிய விடை.

இப்போது திருப்பித் தராத விஷயம்.

பிளஸ் டூ முடித்து டி.சி. வாங்கும்போது ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு ஆய்வகம், விளையாட்டு, நூலகம் என்று ‘நோ டியூ’ கையெழுத்து வாங்கியிருப்பீர்களே. நூலகத்துக்கு எதிரே யார் கையெழுத்துப் போட்டது? பிளஸ் டூ பிள்ளைகள் போகும்போது வகுப்பு வாரியாகப் பதிவேட்டைப் புரட்டி, யார் பெயருக்கு எதிரே ‘திரும்பியது’ கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்க்காத நூலகரை நான் பார்த்ததில்லை. ஒன்று, அவர் உங்கள் வரியைத் தவறவிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஏழு வருடம் அவர் கண் முன்னால் நின்ற பிள்ளையின் வரி தவறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் இதை உறுதியாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

தெரிந்தே போட்டிருந்தால் அந்தப் புத்தகத்துக்கு என்ன ஆகியிருக்கும்? வருடாவருடம் இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். நூலகத்துக்கு வந்த நூல்களை எண் போட்டு எழுதி வைக்கும் அக்சஷன் ரிஜிஸ்டரில் வரிசை எண்படி ஒவ்வொன்றாகப் படிப்பார்கள், ஒருவர் அலமாரியில் தேடித் தொட்டுக் காட்டுவார். இல்லாதது ‘காணவில்லை’ பட்டியலுக்குப் போகும். பட்டியல் நீண்டால் விளக்கம் கேட்பார்கள், சில இடங்களில் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதற்குப் பயந்தே நிறைய நூலகர்கள் தாங்களே காசு போட்டு அதே புத்தகத்தை வாங்கி, பழைய எண்ணை எழுதி வைத்துவிடுவார்கள். புது மண்டபத்துப் பழைய புத்தகக் கடைகளில் சீட்டும் கையுமாக நின்று அதே பதிப்பு கிடைக்குமா என்று தேடிய பள்ளி நூலகர் ஒருவரை எனக்குத் தெரியும். உங்கள் பள்ளியில் அந்தப் புத்தகத்தின் இன்னொரு பிரதி, உங்கள் புத்தகத்தில் இருக்கிற அதே எண்ணோடு உட்கார்ந்திருந்தாலும் இருக்கலாம். எண் உங்கள் கையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் இருக்கும், ரகசியப் பக்கம் என்று நூலகத்துக்கு நூலகம் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் முத்திரையோடும் இருக்கும்.

அதனால், மேடையில் கொடுக்காதீர்கள். நல்ல மனதோடு கேட்டிருக்கிறீர்கள், புரிகிறது. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் முன்வரிசையில் தாளாளரும் தலைமையாசிரியரும் உட்கார்ந்திருக்க, ‘21 வருடமாகத் திருப்பித் தராத பள்ளிச் சொத்து’ என்று நீங்கள் அறிவிக்கும்போது, அதற்கு ‘பாக்கி இல்லை’ என்று கையெழுத்துப் போட்டவர் மாலையும் கழுத்துமாக நடுவில் உட்கார்ந்திருப்பார். அவருடைய பொறுப்பு ஒப்படைப்பும் பென்ஷன் காகிதங்களும் இன்னும் ஏதோ ஒரு மேசையில் இருக்கும். யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம், அவருக்குச் சங்கடம்தானே.

இந்தக் காணாமல் போகும் கணக்கைப் பேச்சில் தொடலாம், உங்கள் புத்தகத்தைச் சொல்லாமல். எல்லாரும் பேசாமல் விடுவது இதைத்தான். பல பள்ளி நூலகங்களில் பீரோவைப் பூட்டியே வைத்திருப்பது ஏன் என்று நினைக்கிறீர்கள்? புத்தகத்தின் மேல் வெறுப்பா? பயம். ஒரு புத்தகம் தொலைந்தால் கேள்வி வரும், ஒரு புத்தகத்தை யாருமே படிக்காவிட்டால் எந்தக் கேள்வியும் வராது. பூட்டி வைத்தால் 33 வருடம் கழித்து ரிஜிஸ்டரும் பீரோவும் எண் பிசகாமல் பொருந்தும். உள்ளே ராமபாணப் பூச்சி தின்றிருக்கும், அது வேறு. உங்கள் சார் பூட்டவில்லை என்பதை உங்கள் கடிதத்திலிருந்தே ஊகிக்கிறேன். பூட்டுகிறவர் மேசையில் புத்தகத்தைப் பரப்பி வைக்க மாட்டார். அப்படியென்றால் அவருக்குக் கண்டிப்பாகப் புத்தகங்கள் தொலைந்திருக்கும். அவர் அந்தக் கேள்விகளை வாங்கிக்கொண்டு, திறந்தே வைத்திருந்தார்.

இதில் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள், பேச்சில் உதவும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 215ஆவது விதி நூலகங்களைப் பற்றியது. ஒரு வருடத்தில் வழங்கப்பட்ட அல்லது பார்க்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை நியாயமான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, உங்கள் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அரசாங்கக் கணக்குப்பிள்ளைகளே ஒப்புக்கொண்ட அளவு அது. அதில் ஒரு நுணுக்கத்தையும் கவனியுங்கள். ஆயிரம் என்பது இருப்பிலுள்ள நூல்களின் கணக்கில்லை, கையில் புழங்கிய நூல்களின் கணக்கு. அதிகம் கொடுக்கிறவருக்கு அதிகம் தொலையும் என்பதை விதியே ஏற்றுக்கொள்கிறது.

பேச்சுக்கு இன்னொரு ஆளையும் தேடச் சொல்வேன். உங்களை ஏன் கூப்பிட்டார்கள்? வங்கியில் வேலை, படிக்கிற பெண், மேடைக்குப் பொருத்தம். இப்படிப்பட்ட விழாக்களில் எல்லாரும் கலெக்டர் ஆனவரையும் டாக்டர் ஆனவரையும்தான் நிறுத்துவார்கள். உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த ஒருவருக்குப் போன் போட்டு, லைப்ரரி சாரைப் பற்றி என்ன ஞாபகம் என்று கேளுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், பள்ளி நூலகரின் கஷ்டமான வேலை உங்களைப் போன்றவர்களிடம் இல்லை.

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நூலகம் பார்த்த என் நண்பர் சொன்னது. எட்டாவது படிக்கும் ஒரு பையன் வாராவாரம் இருப்பதிலேயே தடிமனான புத்தகத்தை எடுத்து உட்காருவான். பக்கங்களை ஒரே வேகத்தில் புரட்டுவான். படம் உள்ள பக்கத்திலும் அதே வேகம், எழுத்துப் பக்கத்திலும் அதே வேகம். கண் வரியில் ஓடாது. அவனுக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை என்று நண்பருக்குப் புரிய மூன்று வாரம் ஆயிற்று. ஒன்றாம் வகுப்புப் படப்புத்தகத்தை அவன் கையில் கொடுத்தால் அன்றோடு நூலகத்துக்கு வருவதை நிறுத்திவிடுவான். நண்பர் என்ன செய்தார் என்றால், பழைய காலண்டர் தாளை எடுத்து இருபது முப்பது புத்தகங்களுக்கு அட்டை போட்டார். பெரிய நாவலுக்கும் காலண்டர் அட்டை, 16 பக்கக் குழந்தைப் புத்தகத்துக்கும் அதே அட்டை. யார் எதை வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. பிறகு பையனைக் கூப்பிட்டு, ‘தம்பி, எனக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும்’ என்று சொல்லி, திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் வைக்கிற வேலையைக் கொடுத்தார். முதலில் எண்ணை மட்டும் பார்த்து வைத்தான். அப்புறம் பெயரைப் பார்த்துத் தேட வேண்டிய வேலையாகக் கொடுத்தார். ‘விடுகதை’ என்று போட்டிருக்கும், ‘விலங்குகள்’ என்று போட்டிருக்கும், தேடி எடு. ஜூனில் ஆரம்பித்தது, தீபாவளி தாண்டி அவனாகக் காலண்டர் அட்டை போட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனான்.

வருடக் கடைசியில் பெரிய எழுத்துக் கதைகள் வரைக்கும் வந்தான். நாவலுக்கெல்லாம் வரவில்லை. இப்போது லோடு வண்டி ஓட்டுகிறான், டீக்கடையில் பேப்பர் படிப்பான் என்று நண்பர் சொன்னார். அதே முறையை இன்னும் இரண்டு பையன்களிடம் செய்து பார்த்து நடக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். ஒருவன் இரண்டு வாரத்தில் அட்டையைப் பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டானாம்.

உங்கள் சாருக்கும் இப்படி ஒருவர் இருப்பார். ஒருவர் கிடைத்தால் போதும். அவர் மேடைக்கு வரக் கூச்சப்பட்டால் அவர் சொன்னதை நீங்கள் சொல்லுங்கள், பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லாமல்.

தொடக்கத்துக்கு ஒரு வழி சொல்லட்டுமா? ‘சார் ஏழு வருடத்தில் என்னிடம் பேசிய மொத்த வார்த்தைகளையும் இந்த ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம்’ என்று ஆரம்பியுங்கள். பழைய பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் உங்களிடம் சொன்ன நாலைந்து வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள். ‘கையெழுத்துப் போடும்மா’, ‘தவணை தாண்டிப்போச்சு’, எதுவாக இருந்தாலும் சரி. அதன் பிறகு மேசை. எந்த ஜன்னலுக்குக் கீழே இருந்தது, என்ன நிறத்துத் துணி விரித்திருந்தது, எத்தனை புத்தகம் கிடக்கும். பிறகு இத்தனை காலம் கழித்துத் தெரியவந்த உண்மை. இங்கே உங்கள் கையிலிருக்கும் புத்தகத்தைச் சொல்ல முடியாது என்பதால், விழாவுக்கு முன்னால் ஒருநாள் நூலகத்துக்குப் போய், நீங்கள் முறையாகத் திருப்பித் தந்த புத்தகங்களில் ஞாபகமுள்ள மூன்று நாலை எடுத்து, டேட் ஸ்லிப் பாருங்கள். அந்தத் தேதிகளை மேடையில் வாசியுங்கள். எனக்கு முன்னால் ஒருவர் இந்த வருடம், நான் இந்த வருடம், நடுவில் யாரும் இல்லை, அப்படியென்றால் இதை மேசைக்குக் கொண்டுவந்தது யார்? அந்தக் கேள்வியோடு அவர் பக்கம் திரும்புங்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அறிவுக்கண்ணை மற்றவர்கள் திறந்துகொள்வார்கள், நீங்கள் அதை விட்டுவிடுங்கள்.

அதற்கப்புறம் ஒரு நிமிடம் மிச்சமிருந்தால் காசு விஷயம் பேசுங்கள். பல பள்ளிகளில் நூலகர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் வருவதில்லை, ஏற்கெனவே வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியரிடம் சாவியும் ரிஜிஸ்டரும் போய்ச் சேரும். உங்கள் பள்ளியில் யார் வரப்போகிறார் என்று விசாரியுங்கள். பட்டியலில் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவர் முதலில் செய்யப்போவது பீரோவைப் பூட்டுவதுதான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, தொலைந்தால் அவர் தலையில் விடியும். பழைய மாணவர்கள் வழக்கம்போல ஒரு பீரோவும் நூறு புத்தகமும் அன்பளிப்பாகத் தருவார்கள். அதைவிட இதைக் கேளுங்கள். வருடத்துக்கு 4,000 தடவை புத்தகம் வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு ஐந்து என்றால் 20 புத்தகம். சராசரி 150 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். இந்த அளவு வரை தொலைவதைப் பழைய மாணவர்கள் வருடாவருடம் ஈடு கட்டுகிறோம், பொறுப்பில் வருகிறவரிடம் யாரும் கேட்க வேண்டாம், பீரோ மட்டும் திறந்திருக்கட்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். வாசலில் கட்டப்போகிற ஃப்ளெக்ஸ் செலவை உங்கள் நண்பர்களிடம் விசாரித்துவிட்டு இந்தத் தொகையைச் சொல்லுங்கள்.

உங்களிடம் இருக்கும் புத்தகத்துக்கு வருகிறேன். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு நூலகத்துக்குப் போங்கள். அவர் அநேகமாக ஒப்படைப்புப் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார். விளக்கம் எதுவும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். திரும்பி வந்த புத்தகங்கள் கிடக்கும் அந்த மேசையில், அட்டை மேலே தெரிகிற மாதிரி வைத்துவிட்டு நில்லுங்கள். அவர் எடுத்துப் பதிவேட்டில் அடித்தால் அடிக்கட்டும். பின்னட்டையைத் திறந்து பார்த்துவிட்டு உங்கள் பக்கமே தள்ளினால், பேசாமல் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அன்புடன்.